பொய் சொல்லாமல் ஆவலைத் தூண்டும் தலைப்பு, தம்ப்நெய்ல் எழுத்து: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

எடிட்டிங் மேசை:
வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் ஒருவரின் சேனலுக்கு நான் எடிட்டிங் செய்து தருகிறேன். மிக்சி அரைத்துக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனால், சுமை மிகுந்ததால் காப்புச் சுவிட்ச் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். மோட்டார் ஆறிய பிறகு அடிப்பக்கத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அது மீண்டும் ஓடும் என்பதே வீடியோவின் செய்தி. ‘இந்தத் தவறைச் செய்தால் மிக்சி வெடிக்கும்’ என்ற யோசனையை அவரே மறுத்துவிட்டு, ‘மிக்சி ஓடவில்லையா? நீங்களே சரிசெய்யலாம்’ என்று தலைப்பு வைத்தார். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் மோட்டார் ஓடியும் பிளேடு சுற்றாதவர்கள், ஸ்விட்சைப் போட்டால் கருகல் நாற்றம் வருகிறவர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டு, தங்கள் பிரச்சினைக்கு விடை இல்லை என்று கமெண்டில் திட்டிவிட்டுப் போனார்கள். உங்களுக்கு இப்படி நேர்ந்ததுண்டா?

சமையல் சேனல், மதுரை:
திட்டினாலும் பார்த்தார்கள் அல்லவா? சி.டி.ஆர். உயர்ந்தால் யூடியூப் தானாகவே மேலும் பலருக்குக் காட்டும். என் சேனலில் அதைத்தான் கவனிக்கிறேன்.

பழைய கை:
நீங்கள் சொல்வதில் பாதி சரி. தலைப்பையும் படத்தையும் பார்த்தவர்களில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதை மட்டுமே சி.டி.ஆர். சொல்லும், வந்தவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை ரிடென்ஷன் வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். வீடியோவைப் பரிந்துரைக்கும்போது யூடியூப் 2012-லிருந்தே பார்க்கப்பட்ட நேரத்துக்கு முக்கியத்துவம் தருகிறது. ஒரே வீடியோவுக்கு மூன்று தம்ப்நெய்ல் வரை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியிலும், அதிகச் சொடுக்கு பெற்றதற்கன்றி அதிக நேரம் பார்க்க வைத்ததற்கே வெற்றி. சி.டி.ஆர். நன்றாக இருந்து, முதல் 30 விநாடிக்குள் கோடு செங்குத்தாக விழுந்தால், தலைப்பு ஒன்றைச் சொல்லி வீடியோ வேறொன்றைத் தருகிறதா என்று முதலில் பாருங்கள். முகவுரை நீண்டாலும் கோடு விழும் என்பதால், எதையும் மாற்றும் முன் அந்த 30 விநாடியை நீங்களே ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

மிக்சி தலைப்பின் குறை பொய்யன்று, அகலம். ‘ஓடவில்லை’ என்பதற்குள் பல கோளாறுகள் அடங்கும். வீடியோ பேசுவதோ ஒன்றைப் பற்றி மட்டும். ஆகவே அறிகுறியைக் குறுக்கி, விடையை மட்டும் மறைக்க வேண்டும்: ‘அரைக்கும்போதே மிக்சி நின்றுவிட்டதா? கடைக்குப் போகும் முன் கவிழ்த்துப் பாருங்கள்’. பிளேடு சுற்றாதவர் இதைச் சொடுக்க மாட்டார். மிக்சி பாதியில் நின்றுபோனவரோ, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போக மாட்டார். அறிகுறி முதலில் வருவதும் முக்கியம், ஏனெனில் கைபேசியில் நீண்ட தலைப்பின் வால் வெட்டுப்படும். தலைப்புக்கு வரம்பு 100 எழுத்துக்குறிகள். தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படுவதால் நாம் நினைப்பதைவிட விரைவில் அது தீர்ந்துவிடும்.

பக்திப் பாடல் பதிவர்:
ஐயா, தம்ப்நெய்லில் எந்த எழுத்துரு தெளிவாக இருக்கும்? எங்கள் கோயில் திருவிழா வீடியோவில் மஞ்சள் எழுத்து வைத்தும் யாரும் படிக்கவில்லை.

பழைய கை:
எழுத்துருவைவிடச் சொற்களின் எண்ணிக்கையைப் பாருங்கள், நண்பரே. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் கைபேசி அளவில் மூன்றைத் தாண்டினால் எழுத்து சிறுத்துவிடும். வலது கீழ்மூலையில் வீடியோவின் நேர அளவு வந்து மறைக்கும், அங்கே எதையும் எழுதாதீர்கள். தலைப்பில் உள்ளதையே படத்திலும் திரும்ப எழுதுவது இடத்தை வீணாக்குவதாகும். மிக்சி வீடியோவுக்கு, கவிழ்த்த மிக்சியின் படத்தோடு ‘இதை அழுத்தினீர்களா?’ என்ற கேள்வி போதும்.

எடிட்டிங் மேசை:
அங்கேதான் எனக்குத் தயக்கம். பொத்தான் படத்தில் தெரிந்தால் விடையே தெரிந்துவிடுகிறதே. மறைத்து வட்டம் போட்டால் எல்லா ஏமாற்று வீடியோக்களையும் போலத் தோன்றுகிறது.

செய்தித் தொகுப்பாளர்:
தெரியட்டும், விடுங்கள். தலைப்பில் சொன்னது வீடியோவில் இல்லாவிட்டால், அதிலும் நடப்புச் செய்தியில், இந்தியாவில் நடவடிக்கையைக் கடுமையாக்குவதாக 2024 டிசம்பரில் யூடியூப் அறிவித்தது. அதிலிருந்து எங்கள் அலுவலகத்தில் ‘அதிர்ச்சி’ என்ற சொல்லை யார் எழுதினாலும், வீடியோவில் அது எந்த நிமிடத்தில் வருகிறது என்று கேட்கிறோம்.

பழைய கை:
நான் உடன்படவில்லை. படத்திலேயே விடை கிடைத்தவர் நன்றி சொல்லிக்கொண்டே கடந்து போய்விடுவார், வீடியோ பரவாது. பொத்தானை விரல் பாதி மறைத்தபடி ஒரு படம், முழுதாகத் தெரியும்படி ஒரு படம் என இரண்டையும் ஒப்பீட்டில் போட்டுப் பாருங்கள். எதுவானாலும் முதல் அரை நிமிடத்துக்குள் பொத்தானைக் காட்டிவிட்டு, ஆறவிடாமல் அழுத்தினால் ஏன் மீண்டும் விழுகிறது, சட்னிக்குத் தேங்காயை எவ்வளவு போடலாம் என்பவற்றைப் பிறகு சொல்லட்டும்.

சமையல் சேனல், மதுரை:
ஆறவிட வேண்டுமா? என் மிக்சியில் பொத்தானை இரண்டு முறை அழுத்தியும் சுவிட்ச் மறுபடியும் விழுகிறது. அந்த வீடியோவின் இணைப்பைக் கொடுங்கள்.