பெட்டியில் இருந்த 3+ஐ நாங்கள் தப்பாகப் படித்தோம்

கவின் அம்மா
பையனுக்கு ஒரு வயது பத்து மாதம். அவன் மாமா ஊரிலிருந்து வரும்போது கார் செய்கிற பிளாக் செட் ஒன்று வாங்கி வந்தார், பெட்டியில் 3+ என்று இருந்தது. இவன்தான் இப்போதே நிறமெல்லாம் சொல்கிறானே, மூன்று வயதுப் பிள்ளைக்கு உள்ளதை இவன் தாராளமாக விளையாடுவான் என்று பெருமையாகப் பேசிக்கொண்டே பிரித்துக் கொடுத்தோம். விளையாடவும் செய்தான். ஒரு வாரம் கழித்து ஒரு பக்க மூக்கில் மட்டும் சளி, அதுவும் கெட்ட வாடையோடு. சளி மருந்து கொடுத்துப் பார்த்தோம், நிற்கவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு எடுத்தது அந்தக் காரின் குட்டி ரப்பர் டயர், பட்டாணி அளவுதான் இருக்கும். மூக்கில் போனதால் இதோடு விட்டது, அதுவே மூச்சுக்குழாயில் போயிருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பினேன். விலை ஸ்டிக்கரை உரித்தால் அதன் கீழே ஒரு வட்டம், உள்ளே குழந்தை முகம், 0-3, குறுக்கே சிவப்புக் கோடு. அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போதுதான் தேடினேன்.

பொம்மைக்கடை, கோவை
மேடம், பிள்ளை நலமாக இருக்கிறானே, அதுவே பெரிய ஆறுதல். பன்னிரண்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், நீங்கள் பேசிக்கொண்ட அதே பேச்சை வாரத்துக்கு நாலு பேராவது கவுண்டரில் நின்று பேசுகிறார்கள். பெட்டியில் இரண்டு விதமான வயது உண்டு. 5+, 8+ என்பது பெரும்பாலும் அந்த வயதில்தான் விளையாடப் புரியும், கை வசப்படும் என்ற கணக்கு, பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால் அதில் ஒரு வருடம் முன்னே பின்னே போகலாம். அந்தச் சிவப்புக் கோடு வட்டம் அப்படி இல்லை. அதற்கும் புத்திசாலித்தனத்துக்கும் சம்பந்தமே கிடையாது. தொண்டையில் சிக்கும் அளவில் உள்ளே துண்டு இருக்கிறது என்று பொம்மை செய்தவன் சொல்கிறான். பக்கத்திலேயே காரணமும் எழுதியிருக்கும், 'சிறு பாகங்கள்' என்று, பெரும்பாலும் இங்கிலீஷில் பொடி எழுத்தில். வாங்குவதற்கு முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

ராஜா, மதுரை
இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. ஐ.எஸ்.ஐ முத்திரை இருந்தால் வாங்கு, இல்லாவிட்டால் வைத்துவிடு. 2021 ஜனவரியில் இருந்து பொம்மைக்கு அது கட்டாயம். நான் அதைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

பொம்மைக்கடை, கோவை
கட்டாயம் என்பது சரிதான் சார், வெளிநாட்டில் இருந்து வருவதற்கும் சேர்த்து. முத்திரையோடு CM/L என்று ஒரு எண் இருக்கும், BIS Care செயலியில் அதைப் போட்டால் உண்மையான உரிமமா என்று தெரிந்துவிடும். ஆனால் 5+ என்று அறிவித்த பொம்மை ஐந்து வயதுக்கான சோதனையில்தான் தேறியிருக்கும். அதில் சின்னத் துண்டு இருக்கலாம், அது தப்பே இல்லை. மேடம் வீட்டுப் பெட்டியிலும் முத்திரை இருந்திருக்கும் பாருங்கள்.

இன்னொன்று, பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பதற்கு அந்த உத்தரவில் விலக்கு உண்டு. அதனால் திருவிழாக் கடையில் வாங்குகிற மரச்சொப்பில் முத்திரையும் இருக்காது, வயதும் இருக்காது. அங்கே நாமேதான் அளந்து பார்க்க வேண்டும். சோதனைக்கூடத்தில் வைத்திருக்கும் குழாயின் விட்டம் 31.7 மி.மீ. வீட்டில் அதைச் செய்வது சுலபம், ஒரு அட்டையை 10 செ.மீ நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் முட்டுகிற மாதிரி வைத்து டேப் ஒட்டினால் அதே விட்டம் வந்துவிடும். உயரம் 5.7 செ.மீ போதும். அழுத்தாமல், எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் சரி, பொருள் முழுசாக உள்ளே போய்விட்டால் மூன்று வயதுக்குள் கையில் கொடுக்காதீர்கள். பத்து ரூபாய் நாணயமே 27 மி.மீதான், இடிக்காமல் உள்ளே போய்விடும். கழன்று வருகிற துண்டையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள், சக்கரத்தை, மூடியை, பொத்தானை லேசாக இழுத்துப் பார்த்துவிட்டு. பலூனையும் உருண்டையான பந்தையும் மட்டும் இந்தக் குழாயை வைத்துத் தீர்மானிக்க முடியாது. பந்து 4.5 செ.மீக்குக் கீழே இருந்தால் நான் மூன்று வயதுக்குள் விற்பதில்லை.

வாசுகி
புத்தகம் பற்றியும் கேட்கலாம்தானே? என் மகளுக்குப் பதினோரு மாதம். அத்தை கொடுத்த கதைப் புத்தகத்தில் '4-6 வயது' என்று போட்டிருக்கிறது. நான் படித்தால் கேட்கிறாள், கையில் கொடுத்தால் கிழித்து வாயில் போட்டுக்கொள்கிறாள். அடக்கி வளர்க்கவில்லை என்று வீட்டில் என்னைச் சொல்கிறார்கள்.

அங்கன்வாடி அக்கா
கண்ணு, அந்த வயதில் வாயில் வைத்துத்தான் பிள்ளை எதையும் தெரிந்துகொள்ளும், அது அடக்கம் சம்பந்தப்பட்டது இல்லை. கையில் கொடுக்க முனை மழுங்கிய கெட்டி அட்டைப் புத்தகம் வாங்கு. ஒன்றரை வயதுவாக்கில் கெட்டித் தாளைத் தானே புரட்டும், சாதாரணத் தாளை ஒவ்வொன்றாகப் புரட்ட இரண்டு மூன்று வயது ஆகிவிடும். அந்த 4-6 புத்தகத்தை உன் கையில் வைத்துக்கொண்டு தாராளமாகப் படித்துக் காட்டு. புத்தகத்தில் போடுகிற வயது கதை புரிகிற வயது, ஆபத்துக் கணக்கு இல்லை. பிரதம் புக்ஸ் மாதிரிப் பதிப்பகங்கள் வயதுக்குப் பதில் நிலை 1 முதல் 4 வரை போடுகிறார்கள், அது பிள்ளை தானே எழுத்துக் கூட்டிப் படிக்கிற திறமைக்கு உள்ளது. எங்களிடம் வருகிற நாலு வயதுப் பிள்ளைகள் நிலை 3 கதையை வாய் பிளந்து கேட்பார்கள், நிலை 1ஐத் தானே படிக்க இன்னும் நாளாகும்.

அட்டைப் புத்தகத்திலும் முனை பிரிந்து அட்டை உரிய ஆரம்பித்தால் எடுத்துவிடு. பொத்தான் அழுத்தினால் பாடுகிற புத்தகம் என்றால் முதலில் பின்பக்கம் பார். பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுகியிருக்க வேண்டும். அந்த வட்ட பேட்டரியை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே அந்த இடம் வெந்து புண்ணாகிவிடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

மீரா
என் மகனுக்கு நாலரை வயது, வளர்ச்சி தாமதம். இன்னும் எல்லாமே வாய்க்குத்தான் போகும். 3+ பெட்டியைப் பார்த்துத்தான் உறவுக்காரர்கள் வாங்கி வருகிறார்கள், பிறந்தநாள் கணக்குப்படி சரி, ஆனால் அவனுக்குச் சரியில்லை. எங்கள் தெரபிஸ்ட் வயதைச் சொல்லாதீர்கள், "வாயில் வைப்பான்" என்று சொல்லி வாங்கச் சொல்லுங்கள் என்றார். அப்புறம்தான் பொருத்தமானது வர ஆரம்பித்தது. இப்போது பெரிய மர வளையங்களை அடுக்குகிறான், ஐந்தும் வரிசையாக வந்துவிட்டால் என்னைத் திரும்பிப் பார்த்துக் கை தட்டுவான்.

கவின் அம்மா
நேற்று ராத்திரி அட்டைக் குழாய் செய்தேன். மாமியார் ஆசையாக எடுத்து வைத்திருந்த மரச்சொப்பில் அடுப்பும் குடமும் வாயிலேயே நின்றன, டம்ளரும் கரண்டியும் உரலின் உலக்கையும் உள்ளே போய்விட்டன. அவற்றை மட்டும் தனி டப்பாவில் போட்டு மேலே வைத்தபோது மாமியாரும் வந்து குழாயை வாங்கி மீதியை அவரே போட்டுப் பார்த்தார். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. பெரியவளுக்கு ஆறு வயது, அவள் மணி கோர்க்கிற பெட்டியை என்ன செய்வது?

ராஜா, மதுரை
சின்னவன் வளரும் வரை பூட்டி வையுங்கள், வேறு வழியில்லை.

மீரா
அது பெரியவளுக்குச் செய்கிற அநியாயம் இல்லையா? மேசை மேல், சின்னவன் தூங்குகிற நேரத்தில் மட்டும் என்று நாங்கள் வைத்திருக்கிறோம். ஆனால் ஒரு மணி உருண்டு கட்டிலுக்கு அடியில் போனதை மறுநாள்தான் கண்டுபிடித்தோம்.