இரவுத் திருவிழா வீடியோவுக்கு எந்த எடிட்டிங் ஆப் நல்லது?

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவைப் போனில் எடுத்து, வெட்டி ஒட்டி, வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அன்றிரவே அனுப்புகிறேன்.

கைன்மாஸ்டர் இலவசப் பதிப்பில் மூலையில் வாட்டர்மார்க் விழும். கேப்கட்டில் கடைசியில் சேரும் லோகோ துண்டை அழித்துவிடலாம், அது பரவாயில்லை.

என் கவலை தரம்தான். நான் இப்போது பாவிக்கிற வேறொரு ஆப்பில் 1080p கொடுத்து எக்ஸ்போர்ட் செய்தாலும், கற்பூரப் புகையும் இருட்டு வானமும் கட்டம் கட்டமாக உடைகின்றன. பகல் காட்சி தெளிவு. பிட்ரேட் போதாவிட்டால் புகை, இருட்டுத்தான் முதலில் கெடும். வாட்ஸ்அப் இன்னும் நசுக்கும் என்பதால் டாகுமென்டாகவே அனுப்புகிறேன்.

சுவாமி வீதிவலம் 20 நிமிடம் வரும். அவ்வளவு நீளத்தையும் வாட்டர்மார்க் இல்லாமல், பிட்ரேட்டை நாங்களே கூட்டி எடுக்க எந்த ஆப் சரி? விஎன் பாவித்த ஆக்கள் இருந்தால், நீள வீடியோ எக்ஸ்போர்ட் பாதியில் நிற்கிறதா என்றும் சொல்லுங்கோ.