அப்பத்தா பிறந்தது வெள்ளியா, சனியா?

செல்வி: அம்மா பிறந்த கிழமையில் மடப்புரம் காளிக்கு ஒரு எலுமிச்சை மாலை சாத்தலாம்னு நினைச்சிருக்கேன். தாத்தாவின் பழைய கணக்கு நோட்டில் 24-7-1948 என்று தேதி இருக்கு, கிழமை இல்லை. அம்மாவைக் கேட்டா ஆடி வெள்ளி என்கிறாள். கார்த்தி, நீ குரூப் 4க்குப் படிக்கிறியே, தேதியை வைத்தே கிழமை கண்டுபிடிக்கலாமாமே?

கார்த்தி: ஈஸி அத்தை. ஒற்றைப்படை நாள் முறைன்னு ஒன்று இருக்கு. அஞ்சு நிமிஷம் கொடுங்க.

பாண்டி: ஒற்றைப்படை நாளா? 24 ரெட்டைப்படை ஆச்சேப்பா. மொய்க்குத்தான் ஒரு ரூபாய் சேர்த்து வைப்போம், தேதிக்குமா?

தேன்மொழி: மாமா, அது அந்த ஒற்றைப்படை இல்லை. மிச்ச நாள்னு வச்சுக்கங்க. சாதா வருஷத்துக்கு 365 நாள், அதில் 52 வாரம் போனால் ஒரு நாள் மிச்சம். லீப் வருஷத்தில் இரண்டு. அந்த மிச்சத்தை மட்டும் கூட்டிக்கொண்டே வந்து, ஏழு சேரும்போதெல்லாம் தள்ளிவிட்டால் கடைசியில் நிற்பதுதான் கிழமை. 0 வந்தால் ஞாயிறு, 1 திங்கள், அப்படியே.

கார்த்தி: போட்டாச்சு. 1947 முடிய எடுக்கணும். 1600 வருஷத்துக்கு மிச்சம் கிடையாது, அடுத்த 300க்கு 1. மீதி 47 வருஷத்தில் 11 லீப், ஆக 58, அதில் 56 போனால் 2. இதுவரை 3. அப்புறம் 1948ல் ஜனவரி 3, பிப்ரவரி 0, மார்ச் 3, ஏப்ரல் 2, மே 3, ஜூன் 2, மொத்தம் 13. ஜூலை 24 தேதிக்கு 3. எல்லாம் சேர்த்தால் 19, அதில் 14 போனால் 5. வெள்ளிக்கிழமை! அப்பத்தா சொன்னது கரெக்ட்.

செல்வி: அப்படிப் போடு. அம்மா ஞாபகம் அம்மா ஞாபகம்தான்.

முருகேசன்: 300 வருஷத்துக்கு ஒன்றே ஒன்றுதானா? நூறு வருஷத்துக்கு 25 லீப் வருமே.

தேன்மொழி: 24தான் சித்தப்பா. 1700, 1800, 1900 மூன்றும் நாலால் வகுபட்டாலும் லீப் இல்லை, 400ஆல் வகுபட்டால்தான் உண்டு. அதனால் நூறு வருஷத்துக்கு மிச்சம் 124, அதில் 17 வாரம் போக 5. மூணு அஞ்சு பதினைஞ்சு, 14 போக 1. அதில் கார்த்தி சரி. ஆனா தம்பி, பிப்ரவரியை மறுபடி பாரு.

கார்த்தி: 28 நாள், மிச்சம் 0. என்ன தப்பு?

தேன்மொழி: 1948ஏ லீப்டா. நீ எண்ணிய 11 லீப்பில் அது இல்லை, 1947ஓட நிறுத்திட்ட. அதனால் அதோட 29ஆம் தேதி மாசக் கணக்கில்தான் வந்தாகணும். மொத்தம் 20, மிச்சம் 6. சனிக்கிழமை. என்கிட்ட படிக்க வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் இங்கேதான் வழுக்குவார்கள். லீப்பில் தப்பினால் சரியாக ஒரு நாள் தள்ளி நிற்கும், அதனால் பார்க்கிறதுக்கு நம்புகிற மாதிரியே இருக்கும்.

கார்த்தி: அப்பத்தாவே வெள்ளின்னு சொல்லுதேக்கா?

தேன்மொழி: அதனால்தான் நீ திரும்பிப் பார்க்கலை. வேற வழியில் சரிபார்ப்போம். 15-8-1947 வெள்ளின்னு எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து 15-8-1948க்கு வரும் வழியில் ஒரு பிப்ரவரி 29 இருக்கு, அதனால் இரண்டு நாள் தள்ளி ஞாயிறு. ஜூலை 24 அதற்கு 22 நாள் முன்னால். மூணு வாரம் போனாலும் ஞாயிறுதான், இன்னும் ஒரு நாள் பின்னால் போனால் சனி.

செல்வி: அப்போ அம்மா பொய் சொல்றாளா? இரு, பக்கத்திலதான் வெத்தலை இடிச்சுக்கிட்டு இருக்கா, கேட்கிறேன்.

செல்வி: கேட்டாச்சு. "வெள்ளிக்கிழமை ராவு, விடியறதுக்கு ஒரு நாழி இருக்கையில பிறந்தேன்" என்கிறாள்.

முருகேசன்: அட, அதுதானா! நமக்கு விடிஞ்சால்தானே அடுத்த கிழமை. இங்கிலீஷ் தேதி நடுராத்திரியே மாறிடும். 24ஆம் தேதி விடியறதுக்கு ஒரு நாழி முன்னாடின்னா ஊர்க்கணக்கில் இன்னும் வெள்ளி.

தேன்மொழி: இருக்கலாம் சித்தப்பா. தாத்தா சனிக்கிழமை பொழுது விடிஞ்சு நோட்டை எடுத்து அன்றைக்குத் தேதியைப் போட்டிருந்தாலும் இப்படித்தான் வரும். தேதி சரின்னு வச்சுக்கிட்டால் கிழமை சொல்லலாம், தேதி சரியான்னு இந்தக் கணக்கு சொல்லாது.

பாண்டி: ஆதார்ல 1-7-1950ன்னுல்ல இருக்கு?

முருகேசன்: அது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் வாய்க்கு வந்ததைப் போட்டது மச்சான். அதை விடுங்க.

கார்த்தி: அப்போ என் வெள்ளியும் சரிதானேக்கா?

தேன்மொழி: பரீட்சையில் போய் அப்பத்தா விடியறதுக்கு முன்னாடி பிறந்துச்சுன்னு எழுதிப் பாரு.

செல்வி: நான் வெள்ளிக்கே போறேன், காளிக்கும் அதுதான் விசேஷம். யார் வண்டி எடுக்கிறீங்க?

பாண்டி: நான் வர்றேன். தட்டில் 101 வைக்கலாமா, 51 போதுமா?