பில் புக்: 100 போட்டோ இருக்கிறது, ஆனாலும் கணக்கு இடிக்கிறது

ஷீலா, மார்த்தாண்டம்
பெயிண்ட் கடையில் கணக்கு எழுதுகிறேன். 401 முதல் 500 வரையுள்ள பில் புக்கின் கார்பன் நகலைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, எண், தேதி, தொகையை எக்செலில் அடித்தேன். 100 போட்டோ, 100 வரி. ஆனால் மொத்தம் கல்லாவோடு ஒத்துவரவில்லை. பில் ஏதும் விட்டுப்போயிருக்குமா?

தக்கலை ஜோஸ்
நூறுக்கு நூறு இருக்கிறதே, அப்புறம் எப்படி விட்டுப்போகும்? தொகையை அடித்ததில்தான் தப்பு இருக்கும். சந்தேகமென்றால் எண்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றிலிருந்தும் முந்தையதைக் கழியுங்கள். 1 வராத இடம்தான் கோளாறு.

கணக்கர், நாகர்கோவில்
கழிக்கலாம். ஆனால் 401ஓ 500ஓ இல்லாமல் போனால் அதில் தெரியாது. எண்ணிக்கையையும் நம்பாதீர்கள்: ஒன்று இரட்டித்து ஒன்று விட்டுப்போனாலும் 100தான் வரும். C2 முதல் C101 வரை 401 முதல் 500 எண்களை நிரப்புங்கள். நீங்கள் அடித்தவை A-யில் இருந்தால், D2-இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=COUNTIF(A$2:A$101,C2)
```

0 வந்தால் இல்லை, 2 வந்தால் இரட்டிப்பு.

கருங்கல் வாசகர்
எங்கள் திருவிழா வசூலிலும் இதே தலைவலி. கடைசியில் பார்த்தால் ஒரு ரசீது புக்கே ஒருவர் வீட்டில் கிடந்தது!

ஷீலா
417, 447, 463 மூன்றுக்கும் 0. 418, 441, 470 மூன்றுக்கும் 2.

கணக்கர், நாகர்கோவில்
வரிகளை வரிசைப்படுத்தாமல், போட்டோ எடுத்த வரிசையிலேயே பாருங்கள். 446-க்கும் 448-க்கும் நடுவில் 441 நின்றால் அது 447தான், ஏழை ஒன்றாகப் படித்திருப்பீர்கள். இரட்டிப்பில் தேதியும் தொகையும் ஒன்றென்றால் ஒரே பக்கம் இரண்டு முறை எடுத்தது. தொகை வேறென்றால் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஷீலா
441 நீங்கள் சொன்னதேதான் அண்ணாச்சி, ஃபிளாஷ் வெளிச்சம் விழுந்திருக்கிறது. 470 இரண்டு முறை எடுத்தது; ஒன்றை நீக்கிவிட்டேன். 418 மட்டும் வேறு மாதிரி. இரண்டு தனித்தனி பில், இரண்டிலும் 418 என்றே அச்சாகியிருக்கிறது. வரிசை 416, 418, 418, 419.

தக்கலை ஜோஸ்
அப்படியென்றால் முதல் 418-ஐப் பேனாவால் 417 ஆக்கிவிடுங்கள்.

கணக்கர், நாகர்கோவில்
வேண்டாம். அசல் வாடிக்கையாளரிடம் 418 என்றே போயிருக்கும். அச்சகத்தில் நம்பரிங் மிஷின் செய்த வேலை மாதிரி இருக்கிறது. ஜிஎஸ்டியில் ஒரு நிதியாண்டில் ஒரு எண் ஒருமுறைதான் வரவேண்டும், அதனால் ஆடிட்டரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். இனி 463-தான் மிச்சம். போட்டோவை வைத்து அதைத் தீர்க்க முடியாது. எடுக்கும்போது இரண்டு தாள் சேர்ந்து புரண்டதா, தாளே இல்லையா என்று புக்கைத்தான் பார்க்கவேண்டும்.

ஷீலா
பார்த்தேன். 462-க்கும் 464-க்கும் நடுவில், தையலில் கிழிந்த விளிம்பு மட்டும் இருக்கிறது. அசலும் இல்லை, நகலும் இல்லை.

கணக்கர், நாகர்கோவில்
கேன்சல் செய்த பில்லென்றால் அசலும் நகலும் அங்கேயே பின் அடித்து இருக்கவேண்டும். 462, 464 தேதியைப் பார்த்து, அந்த நாட்களில் ஸ்டாக்கில் என்ன குறைந்தது என்று பாருங்கள். அது தெரியாமல் ஜிஎஸ்டிஆர்-1-இல் கேன்சல் என்று காட்டிவிடாதீர்கள்.

ஷீலா
அன்று பில் போட்ட பையன் ஊருக்குப் போயிருக்கிறான். திங்கட்கிழமை வருவான்.