10 லட்சம் பேர் லீடர்போர்டு: ஸ்கிப் லிஸ்ட்டா, ரெட்-பிளாக் ட்ரீயா?

வரிசைமாறன்
சி-யில் ஒரு கேமுக்கு லீடர்போர்டு எழுதுகிறேன். சுமார் 10 லட்சம் பேர். ஸ்கோர் மாறிக்கொண்டே இருக்கும். "நான் எத்தனையாவது இடம்?" என்பதற்கும், ஓர் இடத்திலிருந்து அடுத்த 50 பேரைக் காட்டவும் சட்டென்று பதில் வர வேண்டும். ரெட்-பிளாக் ட்ரீயில் டிலீட் எழுத பயமாக இருக்கிறது. ஸ்கிப் லிஸ்ட் சுலபம் என்கிறார்கள். ஆனால் காசு சுண்டிப் போட்டு லெவல் முடிவாகிற ஒன்றை நம்பி இறங்கலாமா?

நூலேணி
தாராளமாக இறங்கலாம். ரெடிஸின் சார்டட் செட் செய்வது இதே வேலைதான், உள்ளே இருப்பதும் ஸ்கிப் லிஸ்ட்தான். `t_zset.c` கோப்பைத் திறந்து `zslInsert` மட்டும் படியுங்கள். மேல் லெவலிலிருந்து இறங்கி வரும்போது ஒவ்வொரு லெவலிலும் எந்த நோடில் நின்றோம் என்று குறித்துக்கொள்வதுதான் மொத்த வித்தையும்:

```c
for (i = top; i >= 0; i--) {
    while (x->next[i] && x->next[i]->key < key)
        x = x->next[i];
    update[i] = x;
}
```

இன்சர்ட், டிலீட் இரண்டுக்கும் இதே தேடல். அதன் பிறகு `update[i]`-க்கும் அதன் அடுத்த நோடுக்கும் நடுவே கோர்க்கிறோம், அல்லது கழற்றுகிறோம். ரொட்டேஷன் இல்லை, நிறம் இல்லை. புது நோடின் லெவல் இதுவரை இருந்த `top`-ஐத் தாண்டினால், தாண்டிய இடங்களில் `update[i]`-ஐ ஹெட் நோடாக வைக்க மறக்காதீர்கள். மறந்தால் அங்கே குப்பை பாயிண்டர் இருக்கும். அது எப்போதாவதுதான் நடக்கும் என்பதால் நூறு ரெக்கார்டு டெஸ்டில் பிடிபடாமல் போகலாம்.

உங்களுக்கு இடம் எண்ணும் வேண்டும். ரெடிஸ் ஒவ்வொரு பாயிண்டரோடும் `span` என்று ஒரு எண் வைக்கிறது, அந்தத் தாவல் எத்தனை பேரைக் கடக்கிறது என்பதற்கு. தேடிப் போகும் வழியில் தாவிய `span`-களைக் கூட்டினால் இடம் கிடைத்துவிடும். ஒரு தாவலின் `span` 10 என்று வையுங்கள். புது ஆள் அதற்குள் ஆறாவது நோடுக்குப் பின்னால் வருகிறார். பழைய தாவல் 7 ஆகும், புது நோடிலிருந்து மீதித் தாவல் 4. கூட்டினால் 11, சரி.

எல்லோரும் விடுகிற இடம் அடுத்தது. புது நோடின் லெவலுக்கு மேலே இருக்கிற லெவல்களில் பாயிண்டர் எதுவும் மாறாது, ஆனால் அந்த `update[i]`-களின் `span`-ஐயும் ஒன்று கூட்டியாக வேண்டும். விட்டுவிட்டால் வரிசை சரியாகவே இருக்கும், இடம் எண் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகும்.

சமன்பாடு
நீங்கள் சொன்னதில் ஸ்கிப் லிஸ்ட்டுக்கே உரியது எது? ட்ரீயிலும் ஒவ்வொரு நோடிலும் "என் கீழே எத்தனை பேர்" என்று ஒரு எண் வைத்தால் இடம் வந்துவிடும். ரொட்டேஷன் நடக்கும்போது இரண்டு நோடுகளின் எண்ணைத் திரும்பக் கணக்கிட வேண்டும், இரண்டு வரி.

டிலீட்டை யாரும் கையால் எழுதச் சொல்லவில்லை. BSD-யின் `sys/tree.h` ஒரே ஹெடர் கோப்பு, FreeBSD பதிப்பில் `RB_AUGMENT` மேக்ரோ இருக்கிறது, "கீழே எத்தனை பேர்" எண்ணை அதில் மாட்டலாம். லினக்ஸ் கர்னலிலும் இதற்கென்றே `rbtree_augmented.h` உண்டு. அடுத்தவர் எழுதிச் சோதித்த கோடை எடுத்துப் போடுவதைவிடச் சுலபமான கோடு ஏது?

வேகத்துக்கும் கணக்கு போடுவோம். 10 லட்சத்துக்கு ரெட்-பிளாக் ட்ரீயில் சாதாரணமாக 20 நோடு பார்த்தால் போதும். மேல் லெவலுக்குப் போகும் வாய்ப்பு 1/4 என்றால் ஸ்கிப் லிஸ்ட்டில் சுமார் 10 லெவல், ஒவ்வொன்றிலும் சராசரியாக 3 தாவல், ஆக 30. லெவலுக்கு ஒரு தடவை "இது தாண்டிவிட்டது" என்று பார்த்துத் திரும்புவதையும் சேர்த்தால் 40 ஒப்பீடு. அத்தனையும் மெமரியில் எங்கெங்கோ கிடக்கிற நோடுகள்.

குட்டிபாயிண்டர்
சமன்பாடு சார், மெமரியை விட்டுட்டீங்களே. ட்ரீல நோடுக்கு ரெண்டு பாயிண்டர் கட்டாயம். ஸ்கிப் லிஸ்ட்ல 1/4 வச்சா சராசரி 1.33தான். அதோட ரெடிஸ் மேக்ஸ் லெவல் 32னு வச்சிருக்கு, அதனால எவ்வளவு மோசமா போனாலும் log n தாண்டாது.

சமன்பாடு
முதல் பாதி சரி, `span` இல்லாதவரை. அது வந்ததும் ஒரு லெவலுக்கு 8 பைட் பாயிண்டர், 8 பைட் எண். 1.33 × 16, சுமார் 21 பைட். பின்னோக்கிப் போக ஒரு பாயிண்டர் வைத்தால் 29. ட்ரீயில் இடது, வலது, கீழே எத்தனை பேர் என்றால் 24, பேரண்ட் பாயிண்டரும் வைத்தால் 32. இதில் யார் ஜெயித்தார்கள்?

இரண்டாம் பாதி தவறு. 32 என்பது உச்ச லெவலுக்குப் போட்ட வரம்பு, அவ்வளவுதான். துரதிர்ஷ்டம் பிடித்து எல்லா நோடும் லெவல் 1-லேயே நின்றால் அது வெறும் லிங்க்டு லிஸ்ட். நியாயமான ரேண்டம் எண்ணில் அப்படி நடக்க வாய்ப்பு ஏறக்குறைய இல்லை, உண்மைதான். ஆனால் "நடக்காது" என்று ட்ரீ சொல்ல முடியும், ஸ்கிப் லிஸ்ட் சொல்ல முடியாது.

கடலோரம்
ஏன் இவ்வளவு சண்டை? ஹாஷ் டேபிள் போட்டால் ஒரே எட்டில் ஸ்கோர் கிடைத்துவிடுமே.

நூலேணி
ஸ்கோர் கிடைக்கும், இடம் கிடைக்காது. அவர் கேட்பது இடம். ஆனாலும் ஹாஷ் தேவைதான். ஒருவரின் ஸ்கோர் மாறும்போது பழைய ஸ்கோர் தெரிந்தால்தான் லிஸ்ட்டில் அவரைத் தேடி எடுக்க முடியும். ரெடிஸும் ஸ்கிப் லிஸ்ட்டோடு ஒரு ஹாஷ் டேபிளைக் கூடவே வைத்திருக்கிறது. வரிசைமாறன், இதை ட்ரீ போட்டாலும் செய்தே ஆக வேண்டும். ஒரே ஸ்கோரில் பலர் இருப்பார்கள், அதனால் ஒப்பிடும்போது ஸ்கோர் சமமானால் பிளேயர் ஐடியையும் பாருங்கள். இல்லையென்றால் வேறு ஆளை டிலீட் செய்துவிடுவீர்கள்.

இரவுக்குருவி
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் எழுதிய ஸ்கிப் லிஸ்ட்டில் பதில் எல்லாம் சரியாக வருகிறது, ஆனால் 1 லட்சம் போட்டதும் படுத்துவிடுகிறது. லிங்க்டு லிஸ்ட் மாதிரியே இருக்கிறது வேகம். லெவல் எடுப்பது இப்படி, வாய்ப்பு 1/2:

```c
static uint32_t s = 1;
int level(void) {
    int h = 1;
    while (h < 32) {
        s = s * 1103515245u + 12345u;
        if ((s & 1) == 0) break;
        h++;
    }
    return h;
}
```

நூலேணி
கடைசி பிட்டைப் பார்க்கிறீர்கள், கோளாறு அங்கேதான். பெருக்கும் எண் ஒற்றைப்படை, கூட்டும் எண்ணும் ஒற்றைப்படை. அதனால் `s` ஒருமுறை இரட்டை, மறுமுறை ஒற்றை என்று மாறி மாறித்தான் வரும், கடைசி பிட் 0, 1, 0, 1. முதல் இன்சர்ட்டில் 0, லெவல் 1. அடுத்ததில் 1, பிறகு 0, லெவல் 2. அதற்கடுத்ததிலும் 1, 0. முதல் ஆளைத் தவிர 99,999 பேரும் லெவல் 2, லெவல் 3-ல் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு தேடலும் சராசரியாக 50,000 நோடு நடக்கிறது.

மேல் பிட்டுகளை எடுங்கள். வாய்ப்பையும் 1/4 ஆக்கிவிடலாம்:

```c
if ((s >> 30) != 0) break;
```

பிறகு எந்த லெவலில் எத்தனை பேர் என்று எண்ணி அச்சிடுங்கள். 1 லட்சத்துக்கு லெவல் 1-ல் 75,000 ஒட்டி, லெவல் 2-ல் 18,750 ஒட்டி, லெவல் 3-ல் 4,700 ஒட்டி வர வேண்டும். கொஞ்சம் ஏறி இறங்கலாம், பாதியாகவோ இரட்டிப்பாகவோ இருக்கக் கூடாது.

சமன்பாடு
"சுலபமான கோடு" என்பதன் விலை இதுதான். ட்ரீயில் தப்பு செய்தால், சிவப்புக்குக் கீழே சிவப்பு இருக்கிறதா, கருப்பு எண்ணிக்கை எல்லா வழியிலும் ஒன்றா என்று ஒரு ஃபங்ஷன் ஓட்டிப் பிடித்துவிடலாம். இங்கே எல்லா டெஸ்டும் பாஸ், பதில் எல்லாம் சரி, லோடு ஏறினால்தான் தெரிகிறது.

நூலேணி
ஒத்துக்கொள்கிறேன். லெவல் எண்ணிக்கையையும் டெஸ்டில் சேர்த்தால் பிடிபடும், ஆனால் அதை எழுதுகிறவர்கள் குறைவு. இன்னொன்று: `s`-இன் தொடக்க மதிப்பை நிரந்தரமாக `1` என்று வைக்காதீர்கள். எந்த இன்சர்ட்டுக்கு எந்த லெவல் என்று ஒருவர் முன்கூட்டியே கணக்கிட முடிந்தால், உயரமான நோடுகளை மட்டும் பார்த்து டிலீட் செய்து லிஸ்ட்டைத் தட்டையாக்கலாம். ப்ரோக்ராம் தொடங்கும்போது `getrandom` மூலம் எடுங்கள்.

ஆனால் ஸ்கிப் லிஸ்ட்டின் உண்மையான பலத்தை இன்னும் யாரும் தொடவில்லை. பல த்ரெட்கள். லெவல்டிபி டேட்டாபேஸ் புதிய டேட்டாவை மெமரியில் வைக்கும் மெம்டேபிளும் ஸ்கிப் லிஸ்ட்தான், அதில் ஒருவர் எழுதும்போதே மற்றவர்கள் லாக் இல்லாமல் படிக்கிறார்கள். புது நோடின் `next`-ஐ முதலில் நிரப்பிவிட்டு, பிறகு கீழ் லெவலிலிருந்து மேலே ஒவ்வொன்றாக அடாமிக் ரிலீஸ் ஸ்டோர் மூலம் கோர்த்தால் போதும், படிப்பவர் எந்தக் கணத்தில் வந்தாலும் முறையான லிஸ்ட்டையே பார்ப்பார். ட்ரீயில் ரொட்டேஷன் நடுவே படிக்க வந்தவர், இருக்கிற கீயையே "இல்லை" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஜாவாவில் `TreeMap` ரெட்-பிளாக் ட்ரீ, த்ரெட்களுக்கென்று வந்ததோ `ConcurrentSkipListMap`. காரணம் இல்லாமல் இல்லை.

வரிசைமாறன்
ஆஹா, இது எனக்கு வேண்டியதுதான். எழுதுவது ஒரு த்ரெட், படிப்பது எட்டு.

சமன்பாடு
அவசரப்படாதீர்கள். லெவல்டிபி மெம்டேபிளில் நோடை எடுப்பதே கிடையாது. டிலீட்டும் ஒரு புது என்ட்ரியாகத்தான் போகும், கடைசியில் மொத்த மெம்டேபிளும் ஒரேயடியாக விடுவிக்கப்படும். உங்களுக்கோ ஸ்கோர் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு நோடு வெளியே வருகிறது. அதன்மேல் ஒரு ரீடர் நின்றுகொண்டிருந்தால் எப்போது `free` செய்வீர்கள்?

அடுத்தது `span`. ஒரு இன்சர்ட்டில் எல்லா லெவலின் `span`-ம் மாறுகிறது, அத்தனையையும் ஒரே கணத்தில் மாற்ற வழியில்லை. நடுவே படிப்பவருக்குப் பாயிண்டர் சரி, இடம் எண் தப்பு. `ConcurrentSkipListMap`-ல் இடம் கேட்கும் வசதி இல்லை, பழைய ஜாவா பதிப்புகளில் `size()` கூட முழுக்க நடந்து எண்ணித்தான் சொன்னது.

நூலேணி
அது நியாயம். இடம் எண் வேண்டுமென்றால் லாக் இல்லாத சுலபமான வழி இவருக்குக் கிடையாது. ரீட்-ரைட் லாக் ஒன்று போட்டுவிட வேண்டியதுதான். அப்போதும் எழுதுவதற்கு ஸ்கிப் லிஸ்ட்டைத்தான் சொல்வேன், அடுத்த 50 பேரை எடுக்க கீழ் லெவலில் நேராக நடந்தால் முடிந்தது. ஸ்கோர் மாறியும் பக்கத்து ஆட்களைத் தாண்டவில்லை என்றால் நோடை எடுத்துத் திரும்பப் போடாமல் அங்கேயே மாற்றிவிடுங்கள், ரெடிஸும் அப்படித்தான் செய்கிறது.

சமன்பாடு
லாக் போட்ட பிறகு ரெட்-பிளாக் ட்ரீகூட வேண்டாம், பி-ட்ரீக்குப் போய்விடுவேன். ரஸ்ட்டின் `BTreeMap` ஒரு நோடில் 11 கீ வரை பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறது. 10 லட்சத்துக்கு 6 முதல் 8 நோடு தொட்டால் போதும், 30 தாவலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடம் எண்ணுக்கு ஒவ்வொரு நோடிலும் கீழே உள்ளவர்களின் எண்ணிக்கை.

குட்டிபாயிண்டர்
அந்த பி-ட்ரீல நோடு பிளக்கிறது, சேர்க்கிறது எல்லாம் சி-ல யார் எழுதுறது சார்? அவர் ரெட்-பிளாக் டிலீட்டுக்கே பயப்படுறார்.

வரிசைமாறன்
அதேதான். லாக் போட்டு ஸ்கிப் லிஸ்ட்டில் தொடங்குகிறேன், லெவல் எண்ணிக்கை டெஸ்டோடு. `sys/tree.h`-ஐயும் பக்கத்தில் வைத்து ஒரே டேட்டாவை இரண்டிலும் ஓட்டிப் பார்க்கிறேன். ஸ்கோர் பெரும்பாலும் ஏறத்தான் செய்யும், இறங்குவது அபூர்வம். அங்கேயே மாற்றும் வழி எத்தனை சதவீதம் கைகொடுக்கிறது என்பதைப் பொறுத்து மற்றதை முடிவு செய்கிறேன்.