ரோல்-அப்: ‘வாரத் திரட்டு’ சரிவருமா?

மலர்விழி:
வணக்கம். தக்காளி கொள்முதல் செய்யும் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்துக்கான மென்பொருளைத் தமிழாக்குகிறோம். சரக்கு தராசில் ஏறி இறங்கியதும் ஒரு சீட்டு பதிவாகும்: தேதி, உறுப்பினர் எண், தரம், நிகர எடை, கிலோ விலை, தொகை. வாரக் கடைசியில் இந்தச் சீட்டுகளெல்லாம் சேர்ந்து தரத்துக்கு ஒரு வரியாக மொத்த எடையும் சராசரி விலையும் வரவேண்டும். ஆங்கிலத் திரையில் இதன் பெயர் ரோல்-அப். ‘வாரச் சுருட்டு’ என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. பணத்தைச் சுருட்டியதாகப் படிக்க இடமிருப்பதால் கணக்குத் திரையில் அதை வைக்க முடியாது. வேறென்ன சொல்லலாம்?

கதிரேசன்:
‘வாரச் சுருக்கம்’. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நடப்பதும் அவ்வளவுதான்: எடையைக் கூட்டுகிறோம், விலைக்குச் சராசரி எடுக்கிறோம்.

சுப்பையா:
எங்கள் பால் சங்கத்தில் இதைப் ‘பட்டுவாடா பட்டியல்’ என்போம். யார் எத்தனை லிட்டர் ஊற்றினார், கொழுப்பு எவ்வளவு, தீவனக் கடன் பிடித்தம் போகக் கையில் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். இருக்கிற சொல்லை விட்டுப் புதிதாக எதற்கு?

தேன்மொழி:
சுப்பையா ஐயா, பட்டுவாடா ஆள்வாரிக் கணக்கு. மலர் கேட்பது சரக்குவாரிக் கணக்கு. அதில் உறுப்பினர் எண்ணே வராது.

கதிரேசன், எடையைக் கூட்டுவது சரி. விலைக்கு அப்படிச் சராசரி எடுத்தால் கணக்கு பிசகும். ஒரு வாரத்தில் மூன்று சீட்டு என்று வையுங்கள்: திங்கள் 800 கிலோ 20 ரூபாய்க்கு, செவ்வாய் 200 கிலோ 32 ரூபாய்க்கு, வியாழன் 1,000 கிலோ 14 ரூபாய்க்கு. மூன்று விலைகளின் சராசரி 22 ரூபாய். ஆனால் சங்கம் கொடுத்தது 36,400 ரூபாய், வாங்கியது 2,000 கிலோ, கிலோவுக்கு 18.20தான். வரத்து குறைந்த நாளில் விலை ஏறுவதால், சும்மா சராசரி பெரும்பாலும் விலையைக் கூட்டியே காட்டும். எனவே முதல் வரியை விட்டு இரண்டாவதை எழுதுங்கள்:

```sql
AVG(rate)                  -- தவறு
SUM(amount) / SUM(net_kg)  -- சரி
```

பிசகைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. திரையில் வரும் விலையை மொத்த எடையால் பெருக்குங்கள். விலையைப் பைசாவுக்கு முழுமையாக்கியதால் வரும் சிறு வித்தியாசம் தவிர, கொள்முதல் தொகையோடு ஒத்துப்போக வேண்டும். 22 ரூபாயைப் பெருக்கினால் 44,000 வரும். 7,600 ரூபாய் இடிக்கும்.

இங்கேதான் சொல்லும் முக்கியமாகிறது. சுருக்கம் என்றால் படித்துவிட்டு வைத்துவிடலாம். ரோல்-அப்பை மறுபடி மேலே கூட்ட வேண்டும், வாரத்திலிருந்து மாதம், மாதத்திலிருந்து பருவம் என்று. அடுத்த வாரம் 500 கிலோ 28 ரூபாய்க்கு வந்தால், 18.20ஐயும் 28ஐயும் சராசரியாக்கி 23.10 என்று எழுதக் கூடாது. 50,400 ரூபாயை 2,500 கிலோவால் வகுத்தால் 20.16. ஆகவே எடையும் தொகையும் இருக்கும் அட்டவணைக்கு ‘வாரத் திரட்டு’, அதிலிருந்து விலையைக் கணக்கிட்டுப் பலகையில் எழுதுவதற்கு ‘வார விலைச் சுருக்கம்’. இரண்டு சொல்லும் வேண்டும் என்பது என் கருத்து.

கதிரேசன்:
ஒப்புக்கொள்கிறேன். அந்த 18.20க்குப் பாடநூலில் ‘நிறையிட்ட சராசரி’ என்று இருக்கிறது. அதையே போடலாமே?

மலர்விழி:
சங்கத்தில் நிறை என்றாலே தராசு நிறைதான். தராசில் நிறுத்துப் பார்த்த சராசரி என்று எடுத்துக்கொள்வார்கள். ‘கொள்முதல் சராசரி விலை’ என்று போட்டால் கொடுத்த பணத்தை வாங்கிய கிலோவால் வகுத்தது என்று உடனே பிடிபடும்.

தேன்மொழி:
நல்ல சொல். ஆனால் தரங்களைக் கலந்து ஒரே சராசரி காட்டும் வரிக்கு இதைப் போடாதீர்கள். போன வாரம் முதல் தரம் 900 கிலோ 20 ரூபாய், இரண்டாம் தரம் 100 கிலோ 10 ரூபாய், கலந்தால் 19. இந்த வாரம் மழையில் காய் வெடித்து முதல் தரம் 300 கிலோவாகக் குறைகிறது, விலை 22. இரண்டாம் தரம் 700 கிலோ, விலை 12. இரண்டு தரமும் 2 ரூபாய் ஏறியிருக்கிறது, கலந்த சராசரியோ 15க்கு இறங்கிவிட்டது. பலகையைப் பார்க்கும் விவசாயி விலை விழுந்துவிட்டதென்று காயை வியாபாரியிடம் கொண்டுபோவார்.

மலர்விழி:
அந்த வரியையே எடுத்துவிடலாம் என்று பார்த்தால், வங்கிக்கு அனுப்பும் அறிக்கையில் அது கேட்கப்படுகிறது. ‘கலப்புச் சராசரி’?

சுப்பையா:
கலப்பு என்றால் கலப்படம் நினைவுக்கு வரும், அம்மா. பால்காரன் சொல்கிறேன், வேண்டாம். ‘எல்லாத் தரமும் சேர்ந்து’ என்று நீட்டியே எழுதுங்களேன்.

கதிரேசன்:
திரையில் அவ்வளவு இடம் இருக்குமா? ‘மொத்தச் சராசரி’ என்றும் யோசித்தேன், மொத்த வியாபார விலை என்று ஆகிவிடுகிறது.

மலர்விழி:
‘வாரத் திரட்டு’, ‘வார விலைச் சுருக்கம்’, ‘கொள்முதல் சராசரி விலை’ மூன்றையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். தரம் சேர்ந்த வரிக்கு ஐயா சொன்னதை இப்போதைக்கு அறிக்கையில் மட்டும் வைக்கிறேன். பலகையில் அந்த வரி வராது. சரக்கே வராத வாரத்தில் விலைக் கட்டத்தில் 0 போடாமல் வெறுமையாக விடும்படியும் குறித்திருக்கிறேன்.