[கலைச்சொல்] பீட்டாவில் கடனை ஏற்றுவதா, நெம்புவதா?

மலர்விழி:
எல்லோருக்கும் வணக்கம். முதுநிலை வணிகவியல் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. "நிறையிட்ட சராசரி மூலதனச் செலவு" வரைக்கும் சிக்கல் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு இடத்தில் நிற்கிறேன். கடன் வட்டியால் கிடைக்கும் வரி ஆதாயத்தை "டாக்ஸ் ஷீல்டு" என்கிறார்களே, அதற்கு என்ன போடலாம்? சந்தை அசையும்போது ஒரு நிறுவனத்தின் பங்கு எவ்வளவு அசைகிறது என்பதைக் காட்டும் பீட்டாவிலிருந்து கடனின் விளைவை எடுத்துவிட்டு, வேறொரு கடன் அளவுக்கு ஏற்ப மறுபடி சேர்ப்பதை "அன்லெவர், ரீலெவர்" என்கிறார்கள். அதற்கு என்ன? "வரிக்கேடயம்", "நெம்பல்நீக்கம்", "மறுநெம்பல்" என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். "கடனிறக்கம்", "கடனேற்றம்" என்றும் யோசித்தேன். மாணவர்கள் சிரிக்கிறார்கள்.

இளங்கோ:
சிரிக்கட்டும் அம்மா, பழகிவிடும். "நெம்பு" அருமையான வினை. சிறு விசையால் பெரும்பாரத்தை எழுப்புவது நெம்புகோல். சிறு முதலால் பெருந்தொழிலை எழுப்புவது கடன். உவமை அப்படியே பொருந்துகிறது. நிமிர், நிவ, நெம்பு எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. ஆனால் "கேடயம்" வேண்டாம், அது வடசொல். சங்கப் பாடல்களில் தோல், பலகை, கிடுகு என்று மூன்று பெயர் இருக்க, நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? "வரிக்கிடுகு" என்று எழுதுங்கள்.

சிவநேசன்:
இளங்கோ ஐயா, எங்கட ஊரில கிடுகு எண்டால் வேலி அடைக்கிற தென்னோலை. "வரிக்கிடுகு" எண்டு எழுதினால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை வேலிக்கு வரி போட்டாச்சு எண்டுதான் நினைக்கும். இன்னொண்டு. இலங்கைப் பாடநூல்களில "நிறையேற்றிய சராசரி மூலதனக் கிரயம்" எண்டு எழுதுவம். தமிழ்நாட்டில கிரயம் எண்டால் பத்திரப்பதிவு அலுவலகம் ஞாபகம் வரும் போல.

ரகு:
பெயர் வைக்குமுன் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். எந்தப் பெயர் மாணவரைத் தவறு செய்ய வைக்கும் என்பது அதில் தெரிந்துவிடும்.

பட்டியலிடாத நிறுவனத்துக்குச் சந்தையில் பீட்டா கிடையாது. அதனால் அதே தொழிலில் பட்டியலிட்ட நிறுவனங்களின் பீட்டாவை எடுக்கிறோம். அது 1.20 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் ஒரு ரூபாய்ப் பங்குக்கு 50 காசு கடன். வரி, நிறுவனங்களுக்கான சலுகை விகிதத்தில் 25.168%, எளிமைக்கு 25 என்று எடுப்போம். ஹமாடா என்ற நிதியியல் பேராசிரியர் 1972இல் தந்த சூத்திரம்:

```
βU = βL / (1 + (1 − t) × D/E)
βL = βU × (1 + (1 − t) × D/E)
```

இதில் βL கடன் கலந்த பீட்டா, βU கடன் நீக்கியது, t வரி, D/E பங்குக்குக் கடன் விகிதம். 1.20ஐ 1.375ஆல் வகுத்தால் 0.87. இது தொழிலின் இடர் மட்டும்; கடன் கலக்காதது. நம் நிறுவனத்தில் கடனும் பங்கும் சரிபாதி. எனவே 1.75ஆல் பெருக்க, 1.53. இடரற்ற வட்டி 7%, சந்தை மிகைவருவாய் 6% என்றால், 6ஐ 1.53ஆல் பெருக்கி 7ஐக் கூட்ட, பங்கு மூலதனச் செலவு 16.2%. கடன் வட்டி 10%, வரி போக 7.5%. பாதிக்குப் பாதி சேர்த்தால் நிறையிட்ட சராசரி 11.8%.

நீக்குவது, ஏற்றுவது என்ற இரண்டு படியையும் மறந்து 1.20ஐயே போட்டவருக்கு 10.85% வரும். ஆண்டுக்கு 10 கோடி என்றென்றும் வரும் நிறுவனத்தை முதல் விகிதம் ஏறத்தாழ 84.5 கோடி என்கிறது, இரண்டாவது 92 கோடி என்கிறது. அந்த ஏழரைக் கோடியும் அந்த இரண்டு படி விடுபட்டதால் வந்தது.

வரி விஷயத்தில் இன்னொரு பொறி. 10% வட்டியை 7.5% ஆக்கியபோதே வரி ஆதாயம் விகிதத்துக்குள் வந்துவிட்டது. "வரிச்சேமிப்பு" என்று பெயர் வைத்தால் அதைப் பணவரவிலும் ஒருமுறை கூட்டிவிடுவார்கள். பணவரவைக் கடனே இல்லாத நிறுவனம் போலத்தான் கணக்கிட வேண்டும்.

கந்தசாமி:
பெயர் எதுவோ வையுங்கள், எனக்கு ஒரு சந்தேகம். கோவைப் பக்கம் நூற்பாலை ஒன்றின் கணக்கு பார்க்கிறேன். வங்கிக் கடன் 40 கோடி, ஏட்டில் பங்கு மூலதனம் 5 கோடி. விகிதம் 8. ரகு சார் சூத்திரத்தில் போட்டால் பீட்டா 6.1 வருகிறது. கடனைக் கட்டிவிட்டால் இறங்குமா? அதைத்தானே "இறக்குவது" என்கிறீர்கள்?

ரகு:
6 என்று வந்தாலே எங்கோ தப்பு என்று பொருள், ஐயா. பங்கு மூலதனச் செலவு 44%ஐத் தொடுகிறது பாருங்கள். ஏட்டு மதிப்பைப் போட்டதுதான் காரணம். சந்தை மதிப்பு வேண்டும். ஆலையின் பங்குகள் இன்று 60 கோடி பெறும் என்றால் விகிதம் 8 அல்ல, மூன்றில் இரண்டு. அந்த 60 கோடியைக் கண்டுபிடிக்கத்தானே இந்தக் கணக்கே என்று கேட்பீர்கள். ஆமாம், வட்டமாகச் சுற்றும். ஒரு விகிதத்தை ஊகித்து மதிப்பிட்டு, வந்த மதிப்பால் விகிதத்தைத் திருத்தி, இரண்டும் ஒட்டும்வரை செய்யலாம். இல்லையென்றால் அந்தத் தொழிலில் வழக்கமான விகிதத்தை வைத்துக்கொள்ளலாம்.

கடனைக் கட்டினால் பீட்டா இறங்குவது உண்மைதான். ஆனால் இங்கே யாரும் கடனைக் கட்டுவதில்லை. காகிதத்தில் கழித்துப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

மலர்விழி:
கந்தசாமி ஐயாவின் கேள்வியிலேயே விடை இருக்கிறது. "கடனிறக்கம்" என்றால் கடன் அடைப்பது என்றுதான் படுகிறது. "கடன் நீக்கிய பீட்டா", "கடன் ஏற்றிய பீட்டா" என்று பெயரெச்சமாகவே எழுதினால் என்ன?

இளங்கோ:
நீளம். வினைத்தொகையாக்குங்கள்: "ஏற்றுபீட்டா", "நீக்குபீட்டா". ஊறுகாய் போல மூன்று காலமும் அடங்கும். ஏற்றிய, ஏற்றுகிற, ஏற்றும் எல்லாம் ஒரே சொல்லில்.

சிவநேசன்:
ஐயா, அதுதான் பிழை. கடன் ஏற்கெனவே கலந்த பீட்டா ஒண்டு, இனி ஏற்றப்போற பீட்டா இன்னொண்டு. ரகு அண்ணையின்ர கணக்கில 1.20உம் 1.53உம் வேற வேற. மூண்டு காலத்தையும் ஒண்டாக்கினால் பிள்ளை எதை எடுக்கும்? அதோட எங்களுக்கு "நிறையேற்றிய" ஏற்கெனவே இருக்கு. ஒரே பக்கத்தில நிறையையும் ஏற்றி, கடனையும் ஏற்றினால் தலை சுத்தும்.

ரகு:
சிவநேசன் சொல்வது சரி. வரிக்கு என் பரிந்துரை "வட்டியின் வரிக்குறைப்பு". கேடயம், கிடுகு இரண்டுமே நிரந்தரப் பாதுகாப்பு என்ற எண்ணத்தைத் தரும். லாபமே இல்லாத ஆண்டில் குறைக்க வரி ஏது? அப்போது 10% வட்டி 10%ஆகவே நிற்கும், இழப்பைப் பின் ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்வதில் கிடைப்பது போக.

இளங்கோ:
"வரிக்குறைப்பு" என்றால் அரசு விகிதத்தைக் குறைத்தது போல ஒலிக்கிறது. நான் உடன்படவில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள்.

மலர்விழி:
பதிவாயிற்று. "வட்டியின் வரிக்குறைப்பு", "கடன் நீக்கிய", "மீண்டும் கடன் ஏற்றிய" என்று அனுப்பிவிட்டேன். அடிக்குறிப்பில் ஆங்கில ஒலிப்பும் இருக்கும். "நெம்பல்" நெம்புகோல் படத்தோடு பெட்டிச் செய்தியாகப் போகிறது, இளங்கோ ஐயாவுக்காக.

ரகு:
அச்சுக்குப் போகுமுன் ஒன்று. மேலே போட்ட சூத்திரம் கடனுக்கு இடரே இல்லை என்று கொள்கிறது. 7% கிடைக்கிற இடத்தில் வங்கி 10% கேட்கிறதென்றால் அது உண்மையல்ல. அந்த 3%இல் ஒரு பங்கு வாராக்கடனுக்கு ஈடு, மீதிதான் சந்தை இடர். பாதிக்குப் பாதி என்று வைத்தால், 1.5ஐச் சந்தை மிகைவருவாய் 6ஆல் வகுக்க, கடனின் சொந்த பீட்டா 0.25. அதைக் கடனை நீக்கும்போதும் ஏற்றும்போதும் சேர்த்துப் போட்டால் 1.53 என்பது 1.46 ஆகும், மூலதனச் செலவு 11.6% ஆகும். இந்த 0.25க்கும் ஒரு பெயர் வேண்டும்.

கந்தசாமி:
"கடன் பீட்டா"தானே?

சிவநேசன்:
அப்ப "கடன் ஏற்றிய பீட்டா"வைச் சுருக்கி ஒருத்தரும் "கடன் பீட்டா" எண்டு சொல்லக்கூடாது எண்டு சட்டம் போடோணும்.

மலர்விழி:
மாணவர்கள் நேற்றே அப்படிச் சுருக்கிவிட்டார்கள்.